பத்தா, பதினாலா, பதினெட்டா?

கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்திருந்தேன். குறுக்கே 4 கட்டம், நெடுக்கே 3 கட்டம். உள்ளே கட்டங்களின் கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. "இதன் ஓரத்திலேயே ஓர் எறும்பு நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால், எத்தனை கட்ட நீளம் நடந்திருக்கும்?" என்று கேட்டேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒன்பது வயது. நோட்டுகளை வாங்கிப் பார்த்தபோது மூன்று விடைகள் இருந்தன. சிலர் 14 என்று எழுதியிருந்தார்கள். அதைவிடப் பலர் 10 என்று எழுதியிருந்தார்கள். நாலைந்து பேர் 18 என்று எழுதியிருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதாக இருந்தால் 14-க்குச் சரி போட்டு, மற்ற இரண்டுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, "கவனமாக எண்ணு" என்று கீழே எழுதியிருப்பேன். அந்தப் பிள்ளைகள் கவனமாகத்தான் எண்ணினார்கள் என்பது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. பத்து என்றவன் பத்துப் பொருள்களைப் பிழையில்லாமல் எண்ணியிருக்கிறான். பதினெட்டு என்றவளும் அப்படியே. ஆளுக்கொரு பொருளை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் எதை எண்ணினார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடத்தில் ஆசிரியருடைய வேலை.

நான் தேவராவில் குடியிருப்பவள். காலையில் வெண்டுருத்திப் பாலம் ஏறி, வில்லிங்டன் தீவு வழியாகத் தோப்பும்படி போய், அங்கிருந்து மட்டாஞ்சேரியில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போவேன். மட்டாஞ்சேரி வகுப்பறையில் வீட்டு மொழி ஒன்றாக இருப்பதில்லை. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பெஞ்சுக்குப் பெஞ்சு மாறும். ஆனால் இந்தப் பாடத்தில் எனக்கு ஒரு வசதி உண்டு. சுற்றளவு, பரப்பளவு என்ற இரண்டு சொற்களும் தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். அந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டும் 'அளவு' என்று முடிகின்றன. ஒரே நாளில் இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளையின் காதில் கடைசியில் அளவு மட்டுமே நிற்கும். எதன் அளவு என்பது போய்விடும். அதனால் முதல் சில நாட்கள் இரண்டு சொற்களையும் வாயில் எடுக்கவே மாட்டேன். 'எத்தனை டைல்ஸ்', 'எத்தனை ஓரம்' என்று மட்டும்தான் பேசுவோம்.

ஓடுகளும் ஈர்க்குச்சியும்

முதல் வருடம் நான் செய்த பிழையைச் சொல்லிவிட வேண்டும். தொடக்க எடுத்துக்காட்டாக 4-க்கு 4 சதுரத்தை எடுத்தேன். அழகான உருவம், எண்ணவும் எளிது. உள்ளே 16 கட்டம். சுற்றி எண்ணினால் 16 ஓரம். முன் பெஞ்சுப் பையன் ஒருவன், "ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டான். அவன் கேட்டது முழுக்க நியாயம். அவன் கண் முன்னால் நான் வைத்த ஒரே சான்று அதைத்தான் சொன்னது. முழு எண் பக்கங்கள் கொண்ட செவ்வகங்களில் கட்டத்தின் எண்ணிக்கையும் ஓரத்தின் எண்ணிக்கையும் ஒன்றாக வருபவை இரண்டே இரண்டு: 4-க்கு 4, 6-க்கு 3. அந்த இரண்டில் ஒன்றையே முதல் நாளில் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் குழப்பத்தைக் களைய ஒரு மாதம் ஆனது. இப்போது அந்த இரண்டு உருவங்களையும் பாடத்தின் கடைசியில் ஒரு வியப்பாகத்தான் காட்டுகிறேன்.

கருவிகள் எளியவை. குளியலறைச் சுவருக்கு ஒட்டும் மொசைக் ஓடுகள் தாளில் ஒட்டியபடி கடையில் கிடைக்கும். ஒவ்வோர் ஓடும் ஓர் அங்குலச் சதுரம். தாளைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஓடுகள் தனித்தனியாகப் பெயர்ந்து வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் ஓரத்தையும் உப்புத்தாளில் தேய்த்து எடுப்பேன், பிள்ளைகளின் கை கீறாமலிருக்க. இருவருக்கு 24 ஓடுகள் என்று பையில் போட்டு வைப்பேன். இருபத்து நான்குக்குக் காரணம் உண்டு: 1, 2, 3, 4 என்று நான்கு விதமான வரிசைகளில் மிச்சமில்லாமல் அடுக்கலாம்.

அடுத்தது ஈர்க்குச்சி. தென்னை ஓலை இங்கே எந்த வீட்டிலும் கிடைக்கும். ஓட்டின் பக்க நீளத்துக்கு ஈர்க்குச்சிகளை நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்வேன். தீக்குச்சி இதற்கு ஒத்துவராது. ஓட்டைவிட அது நீளம். ஓடு பரப்பை எண்ணுவதற்கு, ஈர்க்குச்சி ஓரத்தை எண்ணுவதற்கு. இரண்டு வேலைக்கும் கையில் இரண்டு வெவ்வேறு பொருள் இருந்தால், பிள்ளை எதை எண்ணுகிறது என்பது எனக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாவது, கட்டம் போட்ட காகிதம். கட்டத்தின் அளவும் ஓட்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒருமுறை கையால் வரைந்த தாளை நகலெடுக்கக் கொடுத்தபோது இயந்திரம் அதைச் சற்றே சுருக்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சுருக்கம்தான். ஆனால் பன்னிரண்டு ஓடுகளை நீளமாக அடுக்கியபோது கடைசி ஓடு கட்டத்துக்குள் உட்காரவில்லை. பிள்ளைகள் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நெருக்கிப் பொருத்தப் பார்த்தார்கள். பரப்பை அளப்பதற்கு இரண்டு விதிதான் உண்டு: இடைவெளி கூடாது, மேலேறக் கூடாது. அந்த இரண்டையும் மீறச் சொல்லி என் தாளே அவர்களைத் தூண்டிவிட்டது. இப்போது நகல் எடுத்ததும் கடையிலேயே ஓர் ஓட்டை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை எடுக்கச் சொல்கிறேன்.

நாலு குறைந்தால், நாலு கூடினால்

இப்போது அந்தப் பத்துக்கும் பதினெட்டுக்கும் வருவோம். பத்து எழுதிய பையனை அருகில் அழைத்து, "எப்படி எண்ணினே, விரலை வெச்சுக் காட்டு" என்றேன். அவன் விரல் மேல் வரிசையின் நான்கு கட்டங்களையும் தொட்டது. பிறகு வலது பக்கமாக இறங்கி இரண்டு, கீழ் வரிசையில் இடப்பக்கம் போக மூன்று, மீண்டும் மேலே ஏறி ஒன்று. மொத்தம் பத்து. அவன் எண்ணியது ஓரத்தில் இருக்கும் கட்டங்களை. மூலையில் உள்ள கட்டத்தை ஒரு முறைதான் எண்ணினான். இரண்டு முறை எண்ணக் கூடாது என்று நாங்களே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்த மூலைக் கட்டத்துக்கு வெளியே பார்த்தபடி இரண்டு ஓரங்கள் இருக்கின்றன. நாலு மூலையிலும் ஒவ்வோர் ஓரம் விட்டுப்போனதால் பதினாலில் நாலு குறைந்து பத்தாகிவிட்டது.

பதினெட்டு எழுதிய பெண்ணின் விரல் வேறு இடத்தில் நின்றது. அவள் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளைத் தொட்டாள். மேல் பக்கத்தில் ஐந்து புள்ளி, வலப்பக்கம் நாலு, கீழே ஐந்து, இடப்பக்கம் நாலு. ஒவ்வொரு மூலைப் புள்ளியும் இரண்டு பக்கத்திலும் சேர்ந்துவிட்டதால் நாலு கூடிவிட்டது.

செவ்வகம் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. 7-க்கு 5 என்றால் சரியான விடை 24. ஓரக் கட்டங்களை எண்ணியவர் 20 எழுதுவார். பக்கம் பக்கமாகப் புள்ளிகளை எண்ணியவர் 28 எழுதுவார். இது தெரிந்த பிறகு நோட்டுத் திருத்துவது எனக்கு வேறு வேலையாகிவிட்டது. நாலு குறைந்திருந்தால் பிள்ளை கட்டத்தை எண்ணியிருக்கிறது. நாலு கூடியிருந்தால் புள்ளியை எண்ணியிருக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் ஒன்றோ இரண்டோ மாறியிருந்தால்தான் எண்ணும்போது கவனம் தவறியது என்று கொள்வேன். கவனம் தவறியவருக்கு மறுபடி எண்ணச் சொன்னால் போதும். மற்ற இருவருக்கும் மறுபடி எண்ணச் சொல்வதில் பயனே இல்லை. நூறு முறை எண்ணினாலும் அதே பத்து, அதே பதினெட்டுதான் வரும்.

மருந்து ஈர்க்குச்சிதான். பன்னிரண்டு ஓடுகளை 4-க்கு 3 ஆக அடுக்கி, சுற்றிலும் வேலி போல ஓர் ஓரத்துக்கு ஒரு குச்சியாக வைக்கச் சொல்வேன். மூலைக்கு வந்ததும் பையனின் கை ஒரு கணம் நிற்கும். மேலே ஒரு குச்சி வைத்தாகிவிட்டது. பக்கத்திலும் ஒன்று வைக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஓட்டுக்கு இரண்டு குச்சியா என்று என்னைப் பார்ப்பான். நான் பதில் சொல்ல மாட்டேன். வேலியில் சந்து இருந்தால் ஆடு உள்ளே வந்துவிடும் என்று பக்கத்தில் இருப்பவள் சொல்லிவிடுவாள். குச்சியை வைத்து முடித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எண்ணும்போது பதினாலு வரும். எடுத்து எண்ணுவது முக்கியம். குச்சி கையில் இருக்கும்போது அதைக் கட்டம் என்று நினைக்க வழியில்லை.

என்.சி.இ.ஆர்.டி.யின் 'மேத்-மேஜிக்' நான்காம் வகுப்புப் புத்தகத்தில் சுற்றளவு வயலும் வேலியுமாகத்தான் வந்தது. ஐந்தாம் வகுப்பில்தான் கட்டங்களை எண்ணிப் பரப்பைப் பார்க்கும் பாடம் வந்தது. இரண்டையும் பிரித்து வைத்த அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டும் என்றோ ஒரு நாள் ஒரே உருவத்தில் சந்தித்தாக வேண்டும். அந்தச் சந்திப்பு எங்கள் வகுப்பில் ஐந்து ஓடுகளில் நடக்கிறது.

ஒட்டினால் இரண்டு போகும்

ஐந்து ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஓடும் மற்றொன்றோடு ஒரு முழு ஓரம் ஒட்டியிருக்க வேண்டும். எத்தனை உருவம் செய்யலாம்? திருப்பியும் புரட்டியும் வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் 12 உருவம். பிள்ளைகள் ஓட்டில் செய்து பார்த்து, கட்டத்தாளில் வரைந்து, வண்ணம் தீட்டி, வெட்டி எடுப்பார்கள். வெட்டி எடுத்ததைப் புரட்டிப் பார்த்தால்தான் "இது ஏற்கெனவே செஞ்சதுதான்" என்று தெரியும். ஓட்டில் அது தெரியாது. பன்னிரண்டையும் எல்லோரும் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. வகுப்பு மொத்தமும் சேர்ந்து சுவரில் ஒட்டும்போது பன்னிரண்டும் வந்துவிடும்.

பிறகு ஒவ்வோர் உருவத்தின் கீழும் ஓரங்களை எண்ணி எழுதச் சொல்வேன். நீளமான கோடு 12. சிலுவை 12. படிக்கட்டு 12. எல்லாமே 12 என்று வந்துகொண்டிருக்கும்போது ஓர் உருவம் மட்டும் 10 என்று வரும். நாலு ஓடு சேர்ந்த சதுரத்தின் பக்கத்தில் ஐந்தாவது ஓடு ஒட்டிக்கொண்டிருக்கும் உருவம் அது. எண்ணியதில் பிழை என்று பிள்ளைகள் முதலில் சண்டை போடுவார்கள். குச்சி வைத்துப் பார்ப்பார்கள். பத்துதான்.

ஏன் என்று கேட்டுவிட்டு நான் ஜன்னலோரமாகப் போய் நின்றுகொள்வேன். ஒரு வருடம், எப்போதும் பேசாத ஒரு பையன் எழுந்து வந்து ஐந்து ஓடுகளையும் தரையில் தனித்தனியாக வைத்தான். ஒவ்வொன்றையும் சுற்றி நாலு குச்சி வைத்தான். மொத்தம் இருபது குச்சி. பிறகு இரண்டு ஓடுகளை நெருக்கினான். நடுவில் இரண்டு குச்சிகள் சிக்கிக்கொண்டன. அந்த இரண்டையும் எடுத்து ஓரமாகப் போட்டான். "ஒட்டினா ரெண்டு போகும் டீச்சர்" என்றான். மூன்றாவது ஓட்டை ஒட்டினான், இன்னும் இரண்டு போயிற்று. ஐந்தையும் ஒரே கோடாக ஒட்டி முடித்தபோது நாலு ஒட்டு, எட்டுக் குச்சி வெளியே கிடந்தது, பன்னிரண்டு மிச்சம். அடுத்ததாகச் சதுரம் உள்ள உருவத்தைச் செய்தான். அதில் ஒட்டு ஐந்து. பத்துக் குச்சி வெளியே, பத்துக் குச்சி சுற்றிலும்.

இதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை. ஓடு ஐந்தும் அப்படியேதான் இருக்கின்றன, பரப்பு மாறவில்லை. நெருங்கி உட்கார்ந்தால் ஓரம் குறைகிறது, விலகி நீண்டால் ஓரம் கூடுகிறது. அன்று மாலைக்குள் 12 ஓடுகளின் மூன்று செவ்வகங்களுக்கும் அவர்களே பட்டியல் போட்டார்கள். ஒரே வரிசையாக அடுக்கினால் ஓரம் 26. இரண்டு வரிசை என்றால் 16. மூன்று வரிசை என்றால் 14. சுற்றளவு பெரிதானால் பரப்பும் பெரிதாகும் என்ற எண்ணம் பெரியவர்களுக்கே உண்டு. லிப்பிங் மா 1999-ல் வெளியிட்ட நூலுக்காக அமெரிக்காவிலும் சீனாவிலும் ஆசிரியர்களிடம் இதே கேள்வியைத்தான் வைத்தார்: ஒரு மாணவி இப்படியொரு கண்டுபிடிப்போடு வந்தால் என்ன செய்வீர்கள் என்று. அந்த எண்ணத்தை ஒன்பது வயதில் ஐந்து ஓடுகளாலேயே அசைத்துவிடலாம்.

விரிப்பை மடித்த பெண்

போர்ட் கொச்சியில் வேளி என்ற இடத்தில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள். வெளியே முறுக்கிய கயிறுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுவார்கள், கிளிப் தேவையில்லை. என் வகுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பாட்டியோடு நின்று படுக்கை விரிப்புகளை மடித்துப் பழகியவள்.

கட்டத்தாளில் 6-க்கு 4 செவ்வகம் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன். உள்ளே 24 கட்டம், சுற்றி 20 ஓரம். "பாதியா மடிச்சா உள்ளே எத்தனை, சுற்றி எத்தனை? மடிக்காம சொல்லுங்க" என்றேன். உள்ளே 12 என்று எல்லோரும் சொன்னார்கள். சுற்றி 10 என்றும் ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். பாதி என்றால் எல்லாமே பாதிதானே.

அந்தப் பெண் மட்டும் பேசாமல் இருந்தாள். பிறகு, "பாதி ஆகாது டீச்சர். விரிப்பை மடிச்சாலும் பாட்டி பிடிக்கிற பக்கம் அப்படியேதான் இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். விரிப்பின் நீளவாக்கில் மடித்தால் நீளம்தான் பாதியாகும். அகலம் அப்படியே நிற்கும். 6 என்பது 3 ஆகும். 4 என்பது 4 தான். எல்லோரும் மடித்து எண்ணிப் பார்த்தோம்: 3-க்கு 4, சுற்றி 14. பத்து என்று எதிர்பார்த்தது பதினாலாக நின்றது. இரண்டு நீளப் பக்கங்களிலும் மும்மூன்றாக ஆறு ஓரம் குறைந்திருக்கிறது. அகலப் பக்கங்களில் ஒன்றும் குறையவில்லை. இருபதில் ஆறு போனால் பதினாலு.

உடனே பின் பெஞ்சிலிருந்து ஒருவன் தாளைப் பிரித்து மற்ற வாக்கில் மடித்தான். 6-க்கு 2. உள்ளே அதே 12 கட்டம், சுற்றி 16. ஒரே விரிப்பு, ஒரே பாதி, மடிக்கிற வாக்கைப் பொறுத்துச் சுற்றளவு வேறு. ஓட்டை மடிக்க முடியாது, காகிதத்தை மடிக்கலாம். கட்டத்தாள் ஓடு செய்ய முடியாத வேலையைச் செய்வது இந்த இடத்தில்தான். அன்று முதல் எங்கள் வகுப்பில் 'பாட்டி பிடிக்கிற பக்கம்' என்றால் மாறாத பக்கம் என்று பொருள்.

மறைந்த கட்டங்கள்

வாய்பாடு எப்போது வரும் என்று பெற்றோர் கேட்பார்கள். நீளம் பெருக்கல் அகலம் என்பதை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தும் அனுப்புவார்கள். அப்படி வரும் பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. ஆனால் ஓடுகளை அடுக்கச் சொன்னால் அவர்களில் சிலர் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுழலாக உள்ளே போய் எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். பெருக்கல் தெரிந்த பிள்ளைக்குக்கூடக் கண் முன்னால் இருப்பது வரிசையாகத் தெரிவதில்லை, ஓடுகளின் குவியலாகத்தான் தெரிகிறது. மைக்கேல் பட்டிஸ்டா, டக்ளஸ் கிளமெண்ட்ஸ் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: செவ்வகத்தில் நிறைந்திருக்கும் சதுரங்கள் வரிசையும் நிரலுமாக அமைந்திருப்பது சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தானாகத் தெரிவதில்லை, அந்த அமைப்பை அவர்கள் மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டங்கள் எல்லாம் வெளியே தெரிந்தால் அதைக் கட்டிக்கொள்ள அவசியமே வராது. ஒவ்வொன்றாக எண்ணினாலே விடை கிடைத்துவிடும். அதனால் கட்டங்களை மறைக்க ஆரம்பித்தேன்.

இந்த யோசனை எனக்குப் பரதேசி யூத ஆலயத்தில்தான் வந்தது. 1568-ல் கட்டிய கோயில். அதன் தரை முழுக்கச் சீனத்திலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள், கையால் சித்திரம் எழுதியவை. பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஓடுகளில் உள்ள படங்களைப் பார்த்து நின்றார்கள். பிறகு ஒருத்தி எண்ணத் தொடங்கினாள். சிறிது தூரம் போனதும் நடுவில் உள்ள பித்தளைக் கம்பி போட்ட மேடை குறுக்கிட்டது. "அதுக்குக் கீழே இருக்கிறதை எப்படி எண்ணுவேன்?" என்று கேட்டாள். மேடைக்குக் கீழேயும் ஓடு போட்டிருப்பதாக வைத்துக்கொள் என்றேன். அவள் மேடையின் ஓரமாக நடந்து போய் அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். திரும்பி வந்து, "மேடை இல்லாத வரிசையை எண்ணினாப் போதும். எல்லா வரிசையும் ஒரே மாதிரிதானே போகுது" என்றாள்.

பள்ளிக்குத் திரும்பியதும் கட்டத்தாளில் 8-க்கு 5 செவ்வகம் வரைந்து, நடுவில் மை கொட்டியது போல் கறுப்பாக அடித்துக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு முழு வரிசையும் ஒரு முழு நிரலும் மட்டும் தெரியும். மறுநாள் அதைவிடக் குறைவாக, மேல் ஓரத்திலும் பக்க ஓரத்திலும் சின்னக் குறிகள் மட்டும். அதற்கும் மறுநாள் கட்டமே இல்லாத செவ்வகம், பக்கத்தில் '8' என்றும் '5' என்றும் எழுதியிருக்கும். படிப்படியாகக் கட்டம் போய்விட்டது. ஆனால் அவர்கள் விடை சொல்லும் விதம் மாறவில்லை: "ஒரு வரிசைக்கு எட்டு, அஞ்சு வரிசை, நாற்பது." கட்டம் இல்லாத செவ்வகத்தில் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கட்டத்தைத்தான். இதற்குப் பிறகுதான் 'பரப்பளவு' என்ற சொல்லைப் பலகையில் எழுதினேன்.

சுற்றளவுக்கு மூன்று விதமான வாய்பாடுகள் வந்தன. நாலு பக்கத்தையும் வரிசையாகக் கூட்டுகிறவர்கள் உண்டு. எட்டை இரட்டித்து, ஐந்தை இரட்டித்துக் கூட்டுகிறவர்கள் உண்டு. எட்டையும் ஐந்தையும் கூட்டிப் பிறகு இரட்டிக்கிறவர்கள் உண்டு. மூன்றுக்கும் 26-தான். மூன்றையும் பலகையில் அப்படியே விட்டுவைத்தேன். தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதைச் சொன்னவளிடம் ஏன் அப்படி என்று கேட்டபோது, "பாதி தூரம் நடந்தா எதிர் மூலை வரும். மீதிப் பாதியும் அவ்வளவுதான்" என்றாள். அந்த எறும்பு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

கட்டத்தாள் ஏமாற்றும் இடம்

கட்டத்தாள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடாது. சாய்கோட்டில் அது பிள்ளைகளை ஏமாற்றும். ஒரு கட்டத்தைக் குறுக்காக வெட்டினால் பரப்பு சரியாகப் பாதி. அதை வெட்டி மேலே வைத்துப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். ஆனால் அந்தச் சாய்ந்த ஓரத்தையும் ஓர் ஓரம் என்று எண்ணிவிடுவார்கள், கட்டத்தின் மூலையிலிருந்து மூலைக்கு ஒரே தாண்டலாகப் போவதால். சதுர ஓட்டின் சாய்கோட்டில் ஈர்க்குச்சியை வைத்தால் எட்டாது. குச்சியின் ஏறக்குறைய பத்தில் நாலு பங்கு இடம் மிஞ்சும். அதைக் கண்ணால் காட்டிவிட்டு, ஒன்பது வயதில் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். சாய்ந்த ஓரம் உள்ள உருவங்களுக்குப் பரப்பு மட்டும்தான் கேட்பேன், சுற்றளவு கேட்பதில்லை.

இன்னொரு குழப்பம் வீட்டிலிருந்து வருவது. இங்கே நிலத்தைச் சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள். "எங்க வீடு ரெண்டு சென்ட்" என்று ஒருவன் சொன்னான். அளவுகோலில் இரண்டு சென்டிமீட்டரைக் காட்டி, இவ்வளவுதானா என்று கவலையோடு கேட்டான். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்று சொல்லி, எங்கள் வகுப்பறைத் தரையின் ஓரடி ஓடுகளைக் காட்டினேன். 435 ஓடும் இன்னோர் ஓட்டில் பாதிக்கு மேல் கொஞ்சமும் போட்டால் ஒரு சென்ட். சென்ட் என்பது தரையில் பரப்பிப் போடுகிற அளவு, கோலில் நீட்டிப் பிடிக்கிற அளவு ஆகாது என்று அவன் அன்று வீட்டில் போய்ச் சொன்னதாக அவனுடைய அம்மா பிறகு வந்து சொன்னார்.

சென்ற ஆண்டு நடுவில் வேறு பள்ளியிலிருந்து ஒரு பெண் எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு வாய்பாடுகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். கட்டத்தாளில் ட வடிவம் ஒன்று வரைந்து சுற்றளவு கேட்டபோது எதைப் பெருக்குவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு பக்கம் பக்கமாக எண்ணி ஓர் எண் எழுதினாள். பக்கத்தில் இருந்த பையன் நோட்டை எட்டிப் பார்த்தான். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பிடி ஈர்க்குச்சியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "நீ புள்ளியை எண்ணியிருக்கே. மூலை எல்லாம் ரெண்டு ரெண்டா வந்திருக்கு. இதை வெச்சுப் பாரு" என்றான். அவள் முதல் குச்சியை எடுத்து ஓரத்தில் வைத்தாள். நான் அவர்கள் பக்கம் போகவில்லை.